கூட்டத்தில் குறுக்கே பேசும் அக்காவுக்கு ஒரு கடிதம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



கடன் வாங்குறது, கடன் கட்டுறது, கணக்கு எழுதுறது பத்தியெல்லாம் இந்த மேடையில பல பேர் பேசிட்டாங்க. எனக்குக் கொடுத்தது வேற விஷயம். கூட்டத்துல ஒருத்தர் பேசிட்டு இருக்கும்போது இன்னொருத்தர் குறுக்கே விழுந்து பேசுற பழக்கம் இருக்குதே, அதை நிறுத்தச் சொல்லி அவங்க மனசு புண்படாம எப்படி எழுதிக் கேட்கிறது என்பது. அமராவதி நகர்ல, முதலைப் பண்ணைக்குப் பக்கத்துல இருந்துட்டு வாயைப் பத்திப் பேசறேன்னு யாரும் சிரிக்கக் கூடாது.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் இருக்கிறது இல்லைங்க. டெல்லியில மக்களவைக்கு நடைமுறை விதிகள்னு ஒரு புத்தகம் இருக்கு. அதுல 349-ஆவது விதி, ஒரு உறுப்பினர் பேசும்போது சத்தம் போட்டோ ஒழுங்கில்லாமலோ குறுக்கிடக் கூடாதுன்னு சொல்லுது. விதி போட்டும் அங்கே என்ன நடக்குதுன்னு டிவியில பார்க்கறோம். அதனால நம்ம கூட்டத்துலயும் ஒரு விதி எழுதி சுவத்துல ஒட்டினா சரியாயிடும்னு நான் நம்பலை. ஆளைப் பார்த்துப் பேசணும், இல்லைன்னா ஆளுக்கு எழுதணும்.

நடந்த ஒரு விஷயத்தைச் சொல்றேன். சம்பந்தப்பட்ட ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் சொல்றேன். பேரும் ஊரும் சொல்ல மாட்டேன்.

நம்ம கூட்டமைப்பு செயற்குழுக் கூட்டம் மதியம் மூணு மணிக்கு ஆரம்பிக்கும். ஒரு குழுவோட பிரதிநிதி, வயசுல சின்னவங்க, பனியன் கம்பெனியில செக்கிங் வேலைக்குப் போறவங்க. அவங்க குழு ரெண்டு தவணை கட்டலை. ரெண்டும் சேர்த்து 6,400 ரூபாய். அதுக்குக் காரணம் சொல்ல எழுந்தாங்க. குழுவுல நாலு பேரு ஒரே கம்பெனி. ஆர்டர் இல்லாம அங்கே சம்பளம் நின்னு போச்சு. திருப்பூர்ல சனிக்கிழமை சம்பளம் வந்தாத்தானே ஞாயித்துக்கிழமை வீட்டுல கறி, திங்கக்கிழமை தவணை. அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை பாக்கியெல்லாம் தர்றதா கம்பெனியில சொல்லியிருக்காங்க, அன்னிக்கே கட்டிடறோம்னு சொல்றதுதான் அவங்க நினைப்பு.

அந்தக் கடைசி வாக்கியம் வாயிலேயே நின்னு போச்சு. செயற்குழுவுல மூத்த அக்கா ஒருத்தர், "கட்ட முடியாதவங்க எதுக்குக் கடன் வாங்கணும், அடுத்த விஷயத்தை எடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. இந்தப் பொண்ணு உட்கார்ந்துட்டாங்க. தீர்மானப் புத்தகத்துல "இரண்டு தவணை கட்டவில்லை"ன்னு மட்டும் ஏறிச்சு. எப்போ கட்டுவாங்கங்கிறது ஏறலை. அந்தப் புத்தகத்தை வச்சுத்தானே அடுத்த கடனுக்கு யாரைச் சேர்க்கிறதுன்னு பேசுவோம். பன்னிரண்டு பேர் இருக்கிற ஒரு குழு, பாதியில நின்ன ஒரு வாக்கியத்தால பின்னால போக இருந்தது.

அந்தப் பொண்ணு மறுநாள் என் வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் காட்டினாங்க. இது சரியா இருக்குதா பாருங்கக்கா, அந்த அக்காகிட்டக் கொடுக்கப் போறேன்னாங்க. அதுல இப்படி இருந்தது:

"மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு, தப்பாக நினைக்காதீர்கள். தாங்கள் கூட்டத்தில் எப்போதும் யாரையும் பேச விடுவதே இல்லை. எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். உங்களுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியுமா? எங்கள் கணக்கைத் திருத்தி எழுத வேண்டும். இனியும் இப்படிச் செய்தால் நான் கூட்டத்துக்கே வர மாட்டேன்."

கோபம் நியாயமான கோபந்தாங்க. ஆனா இதைக் கொடுத்தா அந்த அக்கா பழக்கத்தை நிறுத்த மாட்டாங்க, பேச்சு வார்த்தையைத்தான் நிறுத்துவாங்க.

கடிதத்தை உடனே திருத்த வேண்டாம்னு நான் சொன்னேன். முதல்ல பார்க்கணும். குறுக்கே பேசுறதுலயே ரகம் இருக்கு. ஒரு பயிற்சிக்குப் போனப்போ அங்கே பாடம் எடுத்த டீச்சர் ஒரு சேதி சொன்னாங்க. அமெரிக்காவுல டெபரா டானென்னு ஒரு மொழி ஆராய்ச்சிக்காரங்க, 1978-ல ஒரு விருந்துல ஆறு பேர் சாப்பிட்டுக்கிட்டே பேசினதை டேப்புல பதிவு பண்ணி, ஒவ்வொரு வார்த்தையா எழுதிப் பார்த்தாங்களாம். அதுல நியூயார்க் ஆளுங்க அடுத்தவங்க பேசும்போதே சேர்ந்து பேசியிருக்காங்க. அவங்களுக்கு அது "நான் கவனிக்கிறேன், சொல்லு சொல்லு"ங்கிற மாதிரி. ஆனா வேற ஊர்க்காரங்களுக்கு அதே பேச்சு வாயை அடைக்கிற மாதிரி இருந்திருக்கு. நம்ம ஊர்லயும் அப்படித்தானே. நாத்து நடுற இடத்துல ஒருத்தர் சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரு வாயை மூடிட்டு இருக்கறாங்க? "ஆமா ஆமா, எங்க வீட்டுலயும் அதே கதைதான்"னு நடுவுல சொன்னா அது வெட்டிப் பேசுறது இல்லை, கூடப் பேசுறது. அதை நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினா நாமதான் முரடாத் தெரிவோம்.

அதனால அந்தப் பொண்ணு மூணு கூட்டத்துல நோட்டுப் புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல கோடு போட்டு வச்சாங்க. யாருக்கும் காட்டறதுக்கு இல்லை, தனக்குத் தெரியறதுக்கு. அந்த அக்கா நடுவுல பேசினது பதினோரு தடவை. அதுல நாலு தடவை கூடப் பேசினது, பேசினவங்க தொடர்ந்து பேசி முடிச்சாங்க. பாக்கி ஏழு தடவை, பேசினவங்க முடிக்காமலே உட்கார்ந்துட்டாங்க. எப்படித் தெரியும்னு கேட்டா, இதுதான் அடையாளம்: குறுக்கே பேசின பிறகு முதல்ல பேசினவங்க அதே விஷயத்துக்குத் திரும்ப வந்தாங்களா இல்லையான்னு பாருங்க. வரலைன்னா அது வெட்டு.

அந்த ஏழுலயும் இன்னொண்ணு தெரிஞ்சது. ஆறு தடவை நாலரை மணிக்கு மேல. அந்த அக்காவுக்கு அஞ்சே காலுக்கு பஸ்ஸு. அதை விட்டா அவங்க ஊருக்கு அடுத்த பஸ் இருட்டினதுக்கு அப்புறம்தான். அவங்க ஊர் விஷயமோ எப்பவும் கடைசியிலதான் எடுக்கறோம். பஸ்ஸுக்கு நேரமாகுது, தன் ஊர் விஷயம் இன்னும் வரலை, எதிரே ஒருத்தர் நீட்டிப் பேசிட்டு இருக்காங்க. அகம்பாவம்னு நினைச்சதுல பாதி அவசரமா இருந்தது. மீதிப் பாதி பழக்கந்தான், அதை மறைக்கலை.

இதுக்கப்புறம்தான் கடிதம். முதல் கடிதத்துல எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம்னு சொல்றேன்.

"தப்பாக நினைக்காதீர்கள்"னு ஆரம்பிச்சா, தப்பா ஏதோ வருதுன்னு படிக்கிறவங்க இடுப்புல சேலையை இழுத்துச் செருகிக்குவாங்க. அதை எடுத்தோம். "எப்போதும்", "யாரையும்"ங்கிறது ரெண்டும் பொய். பதினொண்ணுல நாலு நல்ல பேச்சுன்னு நம்ம நோட்டே சொல்லுது. எப்போதும்னு எழுதினா, அவங்க பேசாம கேட்டுட்டு இருந்த ஒரு நாளை நினைவு வச்சுக்கிட்டு வந்து சண்டை போடுவாங்க. ஒரு நாள், ஒரு விஷயம், அது போதும். "எல்லோரும் சொல்கிறார்கள்"ங்கிறதுதான் ரொம்ப மோசம். அதைப் படிச்சதும் அந்த அக்கா என் பேச்சை நிறுத்தணுமான்னு யோசிக்க மாட்டாங்க. யாரு யாரு சொன்னாங்கன்னு யோசிப்பாங்க. நாளைக்குக் கூட்டத்துல ஒவ்வொரு மூஞ்சியா பார்ப்பாங்க. எழுதுறவங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதணும்.

கணக்கைத் திருத்தணும்ங்கிறதையும் எடுத்தோம். அது வேற வேலை. தீர்மானப் புத்தகத்துல எழுதினது அந்த அக்கா ஒருத்தர் கையில இல்லை, கூட்டத்துல கேட்க வேண்டியது. ரெண்டையும் ஒரே கடிதத்துல போட்டா, கணக்குக்காகத்தான் நம்மகிட்டக் குறை கண்டுபிடிக்கறாங்கன்னு ஆகிடும்.

அப்புறம் நம்ம தமிழ்லயே ஒரு வசதி இருக்குதுங்க. "நீங்கள் என் பேச்சை நிறுத்தினீர்கள்"னும் சொல்லலாம், "என் பேச்சு நின்றுவிட்டது"ன்னும் சொல்லலாம். முதல்ல சொன்னது விரல் நீட்டுது. ரெண்டாவது, நடந்ததைச் சொல்லுது. உடைச்சாங்க, உடைஞ்சுது; கெடுத்தாங்க, கெட்டுது; இப்படி ஜோடி ஜோடியா இருக்கு. பானை உடைஞ்சு போச்சுன்னு மாமியார்கிட்டச் சொல்றதுக்கு நமக்கு யாரும் கத்துக் கொடுக்கலையே. ஆனா கடிதம் பூராவும் இப்படியே எழுதினா, யாரோ எங்கேயோ எதையோன்னு ஆகிப்போகும். "கூட்டத்தில் சிலர் பேசும்போது தடங்கல் ஏற்படுகிறது"ன்னு எழுதினா, அந்த அக்கா படிச்சுட்டு, "ஆமா கண்ணு, அந்த இன்னொருத்திதான் அப்படிப் பண்றா"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அதனால யாரு பேசினாங்கன்னு ஒரு இடத்துல நேரா எழுதணும். அதனால என்ன ஆச்சுங்கிறதை மட்டும் மெதுவா எழுதணும்.

கடைசியா எழுதினது இது:

"அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் எங்கள் குழுவின் இரண்டு தவணையைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கம்பெனியில் சம்பளம் நின்றதைச் சொன்னேன். எந்தச் சனிக்கிழமை கட்டுவோம் என்று சொல்வதற்குள் நீங்கள் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். என் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எழுந்து சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. குழுவில் கேட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் நான் 'அவ்வளவுதாங்க' என்று சொல்லும் வரை பொறுத்திருந்து, அதன் பிறகு நீங்கள் பேச முடியுங்களா அக்கா? கடன் விஷயத்தில் நீங்கள் கேட்கும் கேள்வி எங்களுக்கு வேண்டும். நான் முடித்த பிறகு கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

உங்களுக்கு அஞ்சே கால் பஸ் என்று தெரியும். உங்கள் ஊர் விஷயத்தை முதலில் எடுக்கும்படி தலைவியிடம் கேட்கலாம் என்று நினைக்கிறேன். உங்களுக்குச் சம்மதம் என்றால் சொல்லுங்கள்.

இதைக் கூட்டத்தில் வைத்துச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதனால் எழுதினேன்.

இப்படிக்கு
உங்கள் தங்கை"

கீழே தன் பேரைப் போட்டாங்க. பேர் இல்லாத கடிதம்னா மொட்டைக் கடிதம், அதுக்கு மரியாதை கிடையாது.

இதுல கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அவ்வளவுதாங்க"ன்னு சொல்ற வரைக்கும் பொறுங்கன்னு. "மத்தவங்களை மதிச்சு நடந்துக்கங்க"ன்னு கேட்டா அதை எப்படிச் செய்யறதுன்னு யாருக்கும் தெரியாது, செஞ்சாங்களான்னு பார்க்கவும் முடியாது. ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறது சின்னப் பிள்ளைக்கும் முடியும். இன்னொண்ணு, பாராட்டை முதல்ல போட்டு "ஆனால்"னு போடலை. முதல்ல புகழ்ந்துட்டு ஆனால்னு வந்தா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணை வேண்டாம்னு சொல்ற மாதிரி இருக்கும். அவங்க கேள்வி வேணும்ங்கிறது உண்மை, அதனால அது வேண்டுகோளுக்குப் பின்னாடி வந்தது.

"இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்"னு ஒரு வரி முதல்ல எழுதியிருந்தாங்க. எனக்குத் தெரியுமே, அப்புறம் எப்படி அது உண்மை? அதை எடுத்துட்டு, கூட்டத்துல சொல்ல மனசு வரலைன்னு எழுதினோம். அது உண்மை.

இனி கொடுக்கிற விதம். கூட்டமைப்புத் தலைப்புத் தாள்ல எழுதலை, முத்திரை வைக்கலை, நகல் யாருக்குன்னு போடலை. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் அது புகார் ஆகிடும். நோட்டுத் தாள்ல ஒரு பக்கம். வாட்ஸ்அப்புல தனியா அனுப்பலாமேன்னு நீங்க கேட்கலாம். நம்மள்ல பல பேர் வீட்டுல போன் ஒண்ணுதான், வீட்டுக்காரர் கையிலயோ பையன் கையிலயோ இருக்கும். அந்த அக்கா படிக்கிறதுக்கு முன்னாடி மருமகள் படிச்சா, அந்த வீட்டுல அவங்க மரியாதை என்ன ஆகறது? பிள்ளைங்ககிட்டக் கொடுத்தனுப்பவும் கூடாது. அந்தப் பொண்ணு ஞாயித்துக்கிழமை நேரா அவங்க வீட்டுக்குப் போயி, காப்பி குடிச்சுட்டு, கிளம்பும்போது கொடுத்துட்டு வந்தாங்க. எதிரே உட்கார்ந்து படிக்க வைக்கலை. படிக்கும்போது முகம் மாறும், அதை நாம பார்த்துட்டோம்னா அவங்களுக்கு அதுவே வருத்தம்.

படிக்கத் தெரியாதவங்களுக்கு எழுதவே கூடாதுங்க. இன்னொருத்தர் படிச்சுக் காட்டணும், அப்போ அது தனிக் கடிதம் இல்லை. அவங்ககிட்ட நேர்லதான் சொல்லணும்.

அந்த அக்கா பதில் எழுதலை. அடுத்த கூட்டத்துக்கு கொஞ்சம் முன்னாடியே வந்து, வாசல்ல வச்சு, "என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் அம்மிணி, அதான் எழுதலை. நான் அப்படிப் பேசறது எனக்கே தெரியலை கண்ணு. பஸ்ஸை நெனைச்சா எனக்கு நாலு மணிக்கே நெஞ்சு அடிச்சுக்கும்"னாங்க. அன்னிக்கு அவங்க ஊர் விஷயத்தை ரெண்டாவதா எடுத்தோம். ரெண்டு தடவை வாயைத் திறந்து, திரும்ப மூடிக்கிட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன்.

தீர்மானப் புத்தகத்துல பழைய வரியை அடிக்கலை. அடிச்சா தணிக்கையில கேள்வி வரும். புதுக் கூட்டத்துத் தேதியில, முந்தைய கூட்டத்தில் சொல்ல விடுபட்டது என்று, கட்டும் தேதியைச் சேர்த்து எழுதினோம். சொன்ன சனிக்கிழமை கம்பெனி பாதிதான் கொடுத்துச்சு. ஒரு தவணை அன்னிக்கே, இன்னொண்ணு அதுக்கடுத்த வாரம் வந்தது.

பழக்கம் ஒரே நாள்ல போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். மூணாவது கூட்டத்துல வட்டி விஷயம் வந்தப்போ அந்த அக்கா பழையபடி பாய்ஞ்சுட்டாங்க. ஆனா அவங்களே அன்னிக்கு ஒரு வழி சொன்னாங்க: "நான் மறந்தா என் பேரைச் சொல்லிக் கூப்பிடாதீங்க, நோட்டை ரெண்டு தட்டுத் தட்டுங்க, புரிஞ்சுக்கறேன்." இப்போ அந்தப் பொண்ணுதான் அவங்க பக்கத்துல உட்கார்ந்துக்கறாங்க.

ஒரு எல்லை சொல்லியே ஆகணும். இந்த மாதிரிக் கடிதம் பழக்கத்துக்குத்தான். கணக்கு கேட்கும்போது மட்டும் ஒருத்தர் குறுக்கே பேசறாங்க, பாஸ்புக்கைக் காட்டுங்கன்னா மட்டும் பேச்சை மாத்தறாங்கன்னா, அது பழக்கம் இல்லை. அங்கே அன்புள்ள அக்கான்னு தனியா எழுதினா, நாம என்ன கண்டுபிடிச்சிருக்கோம்னு அவங்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிடும். அந்தக் கேள்வியைக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் எழுத்துல கொடுத்து, கொடுத்ததைத் தீர்மானப் புத்தகத்துல ஏத்தச் சொல்லணும். எந்த ரகம்னு தெரியறதுக்கும் அந்தக் கோடு போட்ட நோட்டுதான் உதவும். எந்த விஷயம் வரும்போது வெட்டு விழுதுன்னு பக்கத்துலயே ஒரு வார்த்தை எழுதி வச்சுக்கங்க.

போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டாங்க, கடிதம் கொடுத்தும் பதிலே இல்லைன்னா என்னக்கா பண்றதுன்னு. ரெண்டு கூட்டம் பொறுங்க. பதில் வாயில வராது, நடப்புல வரும். அதுக்கப்புறமும் மாறலைன்னா இன்னொரு கடிதம் வேண்டாம். ரெண்டாவது கடிதம் கோபமாத்தான் வரும். பொதுவா எல்லாருக்கும் பொருந்துற மாதிரி, ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம், "அவ்வளவுதாங்க"ன்னு சொன்ன பிறகுதான் அடுத்தவங்கன்னு ஒரு தீர்மானம் போடச் சொல்லித் தலைவிகிட்டக் கேளுங்க. அந்த அக்கா பேரு அதுல வரவே வேண்டாம்.

அவ்வளவுதாங்க. யாராவது பேசறதா இருந்தா இப்போ பேசலாம்.